வியாழக்கிழமை மின்தடை: காந்தி நகர் குழுவுக்கு

*செவ்வாய், இரவு 8.10*

அனைவருக்கும் வணக்கம்.

*வரும் வியாழக்கிழமை (9.10.2025) காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை நம் பகுதியில் கரண்ட் இருக்காது.*

காந்தி நகர் 1 முதல் 6 தெருக்கள், பள்ளிக்கூடச் சாலை, மார்க்கெட் சந்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 7-ஆம் தெருவுக்கு வேறு துணை மின் நிலையத்திலிருந்து கரண்ட் வருவதால் அங்கே தடை இல்லை.

மழைக்காலத்துக்கு முந்தைய பராமரிப்பு வேலை நடக்கிறது. காலை 8.30-க்குள் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுங்கள். 8.45-க்கு மேல் லிஃப்டில் ஏற வேண்டாம்.

*ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள்:* சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் இணைக்கவே கூடாது. கம்பத்தின் மேல் ஆள் இருப்பார்.

*வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறதா?* இன்றே எனக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள்.

2.30 மணிக்கு மேலும் கரண்ட் வராவிட்டால் மின்னகம்: 94987 94987.

– செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்

*செவ்வாய், இரவு 9.05*

முழு அறிவிப்பையும் போடுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பலகையில் ஒட்டியிருந்ததைப் போட்டோ எடுத்தேன், எழுத்து மங்கலாக இருக்கிறது. அதனால் அப்படியே தட்டச்சு செய்து தருகிறேன்.

"*மின் நிறுத்த அறிவிப்பு.* பொதுமக்களுக்கு இதன்மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில், காந்தி நகர் 33/11 கி.வோ. துணை மின் நிலையத்தில் வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கை மற்றும் மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட உள்ளதால், மேற்படி துணை மின் நிலையத்திலிருந்து மின்னூட்டம் பெறும் காந்தி நகர் 1 முதல் 6 வரையிலான தெருக்கள், பள்ளிக்கூடச் சாலை, மார்க்கெட் சந்து மற்றும் அதனைச் சார்ந்த பகுதிகளில் 09.10.2025 வியாழக்கிழமையன்று காலை 9.00 மணி முதல் பிற்பகல் 2.00 மணி வரை மின் விநியோகம் நிறுத்தப்படும். மின்பாதைகளுக்கு இடையூறாக உள்ள மரக்கிளைகளை அகற்றுதல், பழுதடைந்த மின்காப்பான்களை மாற்றுதல், மின்மாற்றிகளைப் பராமரித்தல் ஆகிய பணிகள் நடைபெறும். பணிகள் முன்னதாக நிறைவுறும் பட்சத்தில் முன்னறிவிப்பின்றி மின் விநியோகம் வழங்கப்படும். மின்னாக்கிகளை உபயோகிக்கும் நுகர்வோர், மின்சாரம் மின்பாதைக்குப் பின்னோக்கிப் பாயாவண்ணம் உரிய மாற்றுச் சுவிட்ச் அமைப்பினை உறுதி செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். – செயற்பொறியாளர்."

*செவ்வாய், இரவு 9.40*

மேலே உள்ள அறிவிப்பில் ஒரு தவறும் இல்லை. ஆனால் போன ஜூலையில் இதே மாதிரி ஒன்று வந்தபோது, அதைப் போட்டோ எடுத்து ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் இங்கே போட்டுவிட்டேன். முந்நூறு பேர் இருக்கிற குழுவில் எத்தனை பேர் அதைத் திறந்து, பெரிதாக்கி, கடைசி வரி வரை படித்திருப்பார்கள்? 3-ஆம் தெருவில் மூன்றாவது மாடியில் இருக்கிற பாட்டியின் வீட்டில் படிக்கவில்லை. ஒன்பது மணிக்கு ஆக்சிஜன் மெஷின் நின்றது. லிஃப்டும் ஓடாததால் பேரன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். பாட்டி நன்றாக இருக்கிறார்கள். ஆனாலும் அவன் மூச்சு வாங்க நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் நாளையும் நேரத்தையும் முதல் வரியில் வைத்தேன். மெஷின் விஷயத்துக்கும் தனி வரி கொடுத்தேன்.

ஜெனரேட்டர் பற்றி ஏன் இவ்வளவு அழுத்தம் என்று மார்க்கெட் சந்து அண்ணாச்சி கேட்டார். அறிவிப்பில் "பின்னோக்கிப் பாயாவண்ணம்" என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கிறார்கள். அதன் அர்த்தம் இதுதான்: நம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு 230 ஆக அனுப்புகிறது. அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். கடை ஜெனரேட்டரை ஒரு பிளக் வழியாகச் சுவரில் செருகி, மெயினையும் அணைக்காமல் விட்டால், அந்த 230 வோல்ட் வெளியே போய் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி மறுபடியும் 11,000 ஆகிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பியில் கை வைத்திருப்பவர் மேல் அது பாயும். வேலை செய்கிறவர்கள் இரு பக்கமும் எர்த் கொடுத்துவிட்டுத்தான் தொடுவார்கள், சரி. அந்த ஒன்றை மட்டும் நம்பி நாம் இருக்கக் கூடாது. சேஞ்ச் ஓவர் இல்லாதவர்கள் ஃபிரிட்ஜையோ ஃபேனையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஜெனரேட்டரிலேயே நேராகச் செருகிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வெளியே இருக்கட்டும். மூடிய அறையிலோ ஷட்டர் போட்ட கடைக்குள்ளோ ஓட்ட வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

வீட்டு இன்வெர்ட்டர் பற்றிப் பயப்பட வேண்டாம். முறைப்படி பொருத்தியிருந்தால் அது தானே லைனைத் துண்டித்துக்கொள்ளும்.

மொட்டை மாடியில் சோலார் போட்டிருக்கும் 5-ஆம் தெரு சாருக்கு: பேட்டரி இல்லாமல் லைனோடு மட்டும் இணைத்த சோலார் என்றால், வெயில் அடித்தாலும் அன்று கரண்ட் தராது. லைன் நின்றதும் அதுவும் நின்றுவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். காரணம் மேலே சொன்னதேதான். பழுது என்று ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

இன்சுலின் பற்றி இரண்டு அம்மாக்கள் தனியாகக் கேட்டார்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜில் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நமக்கு ஐந்து மணி நேரம் தடை. எனவே உறையில் உள்ள புதுப் பாட்டில்களைத் துணியில் சுற்றி, ஐஸ் பேக் போட்ட ஃபிளாஸ்க்கில் வையுங்கள். பாட்டில் ஐஸில் நேராகப் படக் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. தடை இல்லாத 7-ஆம் தெரு அக்கா ஒருவர், வேண்டுமானால் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு நன்றி.

*புதன், இரவு 9.00*

*நாளை காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இல்லை.*

போன், பேட்டரி லைட் எல்லாவற்றையும் இன்றே சார்ஜ் போடுங்கள். இட்லி மாவு அரைக்க வேண்டியவர்கள் காலையிலேயே அரைத்துவிடுங்கள். ஆக்சிஜன் மெஷின் உள்ள இரண்டு வீடுகளுக்கும் சிலிண்டர் வந்துவிட்டது. 3-ஆம் தெரு பாட்டி வீட்டுக்குச் சாயங்காலமே மேலே ஏற்றி வைத்தாகிவிட்டது.

கிளை வெட்டும் இடத்தில் வண்டி நிறுத்த வேண்டாம். பள்ளிக்கூடச் சாலை வேப்ப மரத்தடியில் எப்போதும் நிற்கும் இரண்டு ஆட்டோக்களும் காலை 8 மணிக்குள் நகர்ந்துவிட வேண்டும். யாராவது டிரைவர் தம்பிகளிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் இந்தக் குழுவில் இல்லை.

*வியாழன், மதியம் 1.35*

கரண்ட் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிந்ததால் 25 நிமிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள்.

பாட்டி வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மெஷினுக்கு மாற்றியாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்களாம். லிஃப்ட் ஓடுகிறது. 4-ஆம் தெருவில் கடைசி இரண்டு வீடுகளுக்கு மட்டும் இன்னும் வரவில்லை என்கிறார்கள். கம்பத்தடியில் இன்னும் ஆள் இருக்கிறார், போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.