30 வருசம் ஆச்சுங்க: ஆண்டு விழா தொடக்கப் பேச்சு

எல்லாருக்கும் வணக்கமுங்க. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங், ஆபீஸ்னு மொத்த பேரும் மெஷின் சத்தமே இல்லாம ஒரே எடத்துல உக்காந்திருக்கறது வருசத்துல ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும்தான் நடக்கும், இன்னிக்கு ரெண்டாவது தடவையா நடக்குது. பீகார், ஒடிசா தம்பிங்களுக்கு நான் பேசறது பாதி புரியாது, பக்கத்துல இருக்கறவங்க கொஞ்சம் சொல்லிடுங்க, ஒரு மணிக்கு சாப்பாடுங்கறத மட்டும் மறக்காம சொல்லிடுங்க.

1995ல அப்பா நம்ம திருப்பூர் ராயபுரத்துல ஒரு ஓட்டு வீட்ட வாடகைக்கு புடிச்சு நாலு மெஷின் போட்டாரு. சொந்த சரக்கெல்லாம் கெடையாது, வேற கம்பெனிக்கு ஜாப் ஒர்க்குதான். அப்புறம் காதர்பேட்டை வியாபாரிங்களுக்கு பனியன், ஜட்டி. 2005ல கோட்டா முறை போனதும் ஊரே எக்ஸ்போர்ட் பக்கம் ஓடுச்சு, நாமளும் ஓடுனோம். குழந்தைங்க டி-சர்ட்ல ஆரம்பிச்சோம், இன்னிக்கும் அதுதான் சோறு போடுது.

நல்லா போன வருசங்கள பத்தி பேச ஒன்னுமில்லீங்க, ஆர்டர் வந்துது, தச்சோம், அனுப்புனோம், அவ்வளவுதான். போகாத வருசங்கதான் ஞாபகம் இருக்கு. 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைய எல்லாம் மூடுனாங்க, நொய்யல் ஆத்த பாத்தவங்க யாரும் அந்த தீர்ப்ப தப்புன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா துணிக்கு சாயம் போட வெளியூருக்கு அனுப்பி அது திரும்பி வர்றதுக்குள்ள ஷிப்மென்ட் தேதி தாண்டிடும். அது கொஞ்சம் சரியாகறதுக்குள்ள கரண்ட் கட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தியே லாபம் போச்சு. நோட்டு செல்லாதுன்னு சொன்ன 2016 நவம்பர்ல சனிக்கிழமை சம்பளம் குடுக்க கையில காசில்லாம நின்னோம். 2020 லாக்டவுன்ல பையர் ஆர்டர கேன்சல் பண்ணிட்டாங்க, மாஸ்க் தச்சுத்தான் மெஷின ஓட்டுனோம். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது உங்க எல்லாருக்கும் தெரியும், ஓவர்டைம் கொறஞ்சதுல அது உங்க வீட்டு வரைக்கும் வந்திருக்கும்.

இந்த ஊர் கதை உங்களுக்கு தெரியாததில்ல. பக்கத்து கம்பெனில பீஸுக்கு பத்து பைசா கூடன்னா தீபாவளி போனஸ் வாங்குன கையோட டெய்லர் மாறிடுவாங்க, அதுல தப்பே இல்ல, அவங்க குடும்பத்த அவங்கதான பாக்கணும். அப்படிப்பட்ட ஊர்ல மூணு பேரு போகாம இருந்திருக்காங்க. விசுவாசம்னு நான் சொல்ல மாட்டேன், அந்த வார்த்தைய மொதலாளிங்க ரொம்ப ஈஸியா சொல்லிடறாங்க. அவங்களுக்கு வெளிய வேல கெடைக்காம இல்ல, கூப்புட்டாங்க, பல தடவ கூப்புட்டாங்க, எனக்கே தெரியும்.

கட்டிங் மாஸ்டர் பழனியண்ணன். அந்த நாலு மெஷின் காலத்துல இருந்து இருக்காரு. துணிய ரெண்டு விரல்ல தேச்சு பாத்தே ஜிஎஸ்எம் சொல்லுவாரு, தராசுல வெச்சா அஞ்சு கிராம் இப்படி அப்படித்தான் இருக்கும். ரோல பிரிச்சு ஒரு ராத்திரி ஆற போடாம கத்தி வெக்க மாட்டாரு. எத்தனையோ தடவ மெர்ச்சன்டைசருங்க அவசரம்னு கெஞ்சிருக்கோம், "தொவைச்சா சுருங்கும் பாப்பா, அப்புறம் யாரு பதில் சொல்றது"ன்னு ஒரே பேச்சு. நான் எம்பிஏ முடிச்சுட்டு வந்தும் இன்னும் பாப்பாதான்.

சரசக்கா கைமடியா சேந்தாங்க, சிங்கர் கத்துக்கிட்டு டெய்லர் ஆனாங்க, இப்ப செக்கிங் சூப்பர்வைசர். ஓட்டை, எண்ணெ கறை, நீடில் கட், சேடு மாறுனதுன்னு அக்கா கண்ணுல இருந்து எதுவும் தப்பாது. பையரோட க்யூசி பாஸ் பண்ண லாட்டயே ஒருக்கா நிறுத்தி வெச்சாங்க, அன்னிக்கு எங்கப்பாக்கும் அக்காவுக்கும் நடந்த சண்டைய பேக்கிங்ல இருக்கறவங்க இன்னும் நடிச்சு காமிப்பாங்க. பிரிச்சு பாத்ததுல அக்கா சொன்னதுதான் சரி. அதுக்கப்புறம் அக்கா கையெழுத்து இல்லாம கார்ட்டன் ஒட்டறதில்லீங்க, அது இன்னிக்கும் ரூல்.

மெக்கானிக் முருகேசண்ணன பத்தி அதிகம் பேசுனா எந்திரிச்சு போயிடுவாரு, இப்பவே வாசல் பக்கமாத்தான் உக்காந்திருக்காரு. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணாலும் ரெண்டாவது ரிங்ல எடுப்பாரு, அத மட்டும் சொல்லிக்கறேன்.

மூணு பேருக்கும் ஒரு பவுன் காசு, வர்ற மாசத்துல இருந்து குடும்பத்துக்கும் சேத்து மெடிக்கல் இன்சூரன்ஸ். பத்து வருசம் தாண்டுன எல்லாருக்கும் அந்த இன்சூரன்ஸ் உண்டு, லிஸ்ட் நாளைக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டறோம், பேரு விட்டுப்போச்சுன்னா ஹெச்ஆர்ல சத்தம் போடுங்க.

அப்பா காச கையில வெச்சுட்டு நிக்கறாரு. பழனியண்ணா, மொதல்ல நீங்க வாங்க, அடுத்து சரசக்கா. முருகேசண்ணன யாராவது ரெண்டு பேரு புடிச்சு கூட்டிட்டு வாங்க.