ஆட்டைத்திவசம் முடிந்த பிறகு

என் மனுசனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் 'மனைவி புலம்பல்' என்ற தலைப்பில் ஒரு விருத்தம் இருக்கிறது. நான் எழுதியதில்லை. அச்சகத்துக்கு எழுதிக்கொடுக்கும் ஐயா ஒருவர் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய் எழுதினார். அதில் நான் அவரைக் 'கண்ணாளா' என்று கூப்பிட்டு அழுகிறேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சாருங்கோ" தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டவள் இல்லை நான். கடைசி வரியில் அவருடைய ஆத்மா சாந்தியடைகிறது, எனக்கும் ஆறுதல் கிடைத்துவிடுகிறது. ஐயாவைக் குறை சொல்லவில்லை. பக்கம் முடிவதற்குள் அவர் முடித்தாக வேண்டும்.

எனக்குப் பக்கக் கணக்கு இல்லை. அவருடைய வயல் கணக்குக் கொப்பியில் பின்பக்கம் நிறைய வெறும் தாள் கிடந்தது. அதில் எழுதியவற்றிலிருந்துதான் இது.

போன வருடம் ஆவணியில், காலபோகத்துக்கு வரம்பு செதுக்கப் போனவர் வரம்பிலேயே இருந்துவிட்டார். பக்கத்து வயலில் லான்ட்மாஸ்டர் ஓட்டிய பெடியன், களைத்துப்போய் இருக்கிறார் என்று நினைத்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்று எழுதித் தந்தார்கள்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதைதான். "குடுத்து வைச்ச மனுசன், ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் போயிட்டார்." வேறு ஊரில் இது வாய்க்கு வரும் பேச்சாக இருக்கலாம். விசுவமடுவில் அப்படி இல்லை. சொன்னவர்களில் பாதிப்பேர் 2009இல் சுதந்திரபுரத்திலும் இரணைப்பாலையிலும் மாத்தளனிலும் தங்கள் ஆட்களைப் பங்கருக்குள்ளேயே மண் போட்டு மூடிவிட்டு ஓடி வந்தவர்கள். மூடக்கூட நேரம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். என் மனுசனுக்குப் பெட்டி கிடைத்தது. பறை அடித்தார்கள், திருப்பொற்சுண்ணம் பாடினார்கள், சாம்பலைக் கீரிமலையில் கரைத்தோம். அவர்களுக்கு முன்னால் வாய்விட்டு அழ எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பெருஞ்சாவுகளுக்கு நாள் இருக்கிறது. மே 18க்கு முள்ளிவாய்க்காலில் கஞ்சி காய்ச்சுவார்கள், கார்த்திகை 27க்குத் துயிலுமில்லத்தில் விளக்கேற்றுவார்கள். என் தம்பிக்கு நானும் ஏற்றுகிறவள்தான். அங்கே எப்போது அழ வேண்டும், எப்போது எழும்ப வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். வரம்பில் இருந்து செத்துப்போன ஒரு கமக்காரனுக்காக பங்குனி மாதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், சோறு வடிக்கும்போது அழுகை வந்தால் அதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வடித்துவிட்டு அழுதேன். அவ்வளவுதான்.

அடுத்த வளவு அக்காவின் புருஷன், சண்டை முடிந்த நாட்களில் அக்காவின் கண் முன்னாலேயே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில், அக்கா முழங்கால் வருத்தத்தோடும் போய் இருந்தவர். குங்குமம் அழிக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் எடுத்தால் உதவிக்காசு வரும் என்று சொன்னார்கள், எடுக்கவில்லை. அவரிடம் போய் என் கதையைச் சொல்வது சரியா என்று நெடுநாள் யோசித்தேன். ஒருநாள் அவரே தேத்தண்ணியோடு வந்து குசினிப் படியில் இருந்தார்.

"எனக்குத் திவசம் குடுக்கத் திகதி இல்லை. உனக்கு இருக்கு. அதுக்காக உனக்கு நோகாதெண்டு ஆர் சொன்னது? அழு பிள்ளை, அழுதுபோட்டு இந்த முருங்கைக்காயில ரெண்டைப் புடுங்கித் தா."

தந்தேன். அதன் பிறகு அவரோடு மட்டும் கதைக்க முடிந்தது.

துடக்கு வருடம் என்பதால் தீபாவளி இல்லை, தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பானை வைக்கவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊரே சனமாக வீதியில் நடந்து போனது. படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்த விலக்கு எனக்கு வசதியாகவே இருந்தது. யாரும் புதுச்சீலை கட்டு என்று வற்புறுத்தவில்லை, சிரித்துக் கதை என்று சொல்லவில்லை. சம்பிரதாயங்களில் பலதை எனக்குப் பிடிக்காது. இதை மட்டும் யாரோ அனுபவித்தவர்கள்தான் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கோபத்தைப் பற்றியும் எழுத வேண்டும். கல்வெட்டில் அதற்கு இடம் இருக்காது. மார்கழியில் அவருடைய றங்குப்பெட்டியைத் துப்புரவாக்கியபோது ஒரு அடைவுத் துண்டு கிடைத்தது. என் காப்புகள். 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தினார்களே, அந்தப் போகம் கதிர் பதராகி, விதைத்த காசும் வரவில்லை. அப்போது அடைவு வைத்தோம். அடுத்த வருடமே மீட்டுவிட்டேன், மகள் வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது என்றார். மீட்கவே இல்லை. எனக்குத் தெரியாமல் வட்டி கட்டிக் கட்டிப் புதுப்பித்திருக்கிறார். நாங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு செல்லுக்குள்ளால் ஓடி வந்தவர்கள். செட்டிகுளம் முகாமில் ஒரு கூடாரத்துக்குள் எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டவர்கள். இதைச் சொல்ல ஏன் பயந்தார்? அன்று படத்துக்கு விளக்கு வைக்கவில்லை. அடுத்த நாளும் வைக்கவில்லை. மகள் வந்து கேட்டபோது எண்ணெய் முடிந்துவிட்டது என்றேன்.

துக்கமும் கோபமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று கிளிநொச்சியில் ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கு அவை சேர்ந்தே வருகின்றன, அதுவும் பசியோடு சேர்ந்து. ஒரு நாள் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே அவருக்குப் பிடித்த ஒட்டி மீன் குழம்பு வைத்துக் கோப்பை நிறையச் சாப்பிட்டேன்.

போன மாதம் ஆட்டைத்திவசம் முடிந்தது. ஐயர் வந்து பிண்டம் வைத்து, சனத்துக்குச் சாப்பாடு போட்டோம். சாப்பிட்டுக் கைகழுவும்போது சின்னமாமி சொன்னா: "இனித் துடக்குக் கழிஞ்சுது. இனி நீ மனதைத் தேற்றி எழும்பவேணும்." சுவிசிலிருந்து மகன் போனில், "அம்மா, இப்ப கொஞ்சம் பரவாயில்லையோ?" என்று கேட்டான். "ஓமடா" என்றேன். அவன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறான், வேறு என்ன சொல்வது. பரவாயில்லை என்பது சில நாட்களில் உண்மையும்தான். காலையில் கிணற்றடியில் நன்றாக இருக்கும். பத்து மணிக்கு அவருடைய சைக்கிள் போலச் சத்தம் கேட்டால் போய்விடும். திவசத்துக்கு முதல் நாளும் இப்படித்தான் இருந்தது, அடுத்த நாளும் இப்படித்தான். ஒரு வருடம் ஆனதென்று உள்ளே எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. மாற வேண்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

இப்போது காலபோகம் வருகிறது. மருமகன் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார், நல்ல எண்ணத்தில்தான். இரணைமடுத் தண்ணீர் எங்கள் பக்கம் வராது, மழையை நம்பி விதைக்க வேண்டும், தனியாக முடியாது என்கிறார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் என் மனுசன் எடுத்து வைத்த ஆட்டக்காரி விதைநெல் இரண்டு மூடை இன்னும் கிடக்கிறது. போன போகத்தில் அதை நான் தொடவில்லை. பழைய நெல் முளைக்குமோ தெரியாது, ஒரு பிடியைச் சாக்குத்துணியில் நனைத்து வைத்திருக்கிறேன். முளைத்தால் ஒரு ஏக்கராவது விதைக்கலாம். முளைக்காவிட்டால் மருமகனிடம் குத்தகைக்காரனை வரச் சொல்லலாம். குத்தகைக் காசில் முதலில் காப்பை மீட்க வேண்டும். பவுண் விலை இந்தப் போக்குப் போனால் பிறகு நினைத்தும் பார்க்க முடியாது.