ஜவுளிப் பொறியியல் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டி

கோயம்புத்தூர்
18 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2019 ஜூன் முதல் 2022 மார்ச் வரை நமது நூற்பாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் தங்கள் மேற்பார்வையில் பணியாற்றிய கவிதா எழுதுகிறேன். தாங்கள் இப்போது திண்டுக்கல் மில்லில் பொறுப்பேற்றிருப்பதை ஆய்வக நண்பர்கள் சொல்லி அறிந்தேன். தங்கள் நலனையும் வீட்டாரின் நலனையும் அறிய விரும்புகிறேன்.

அமெரிக்காவில் ராலே நகரில் உள்ள வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்சன் ஜவுளிக் கல்லூரியில், 2025 ஆகஸ்டில் தொடங்கும் முதுநிலை ஜவுளிப் பொறியியல் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்கான பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றைத் தாங்கள் எழுதித் தர இயலுமா என்று கேட்கவே இக்கடிதம். மற்றவற்றைக் கல்லூரிப் பேராசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் என் மதிப்பெண்களைப் பற்றித்தான் எழுத முடியும். ஆலைத் தளத்தில் நான் எப்படி வேலை செய்தேன் என்பதை நேரில் பார்த்தவர் தாங்கள் ஒருவரே.

தங்களுக்கு நினைவூட்ட வேண்டி, நான் பங்கேற்ற இரண்டு பணிகளைக் குறிப்பிடுகிறேன். முதலாவது, 2020 பிற்பகுதியில் 40 கவுண்ட் கோம்ப்டு பனியன் நூலில் நெப்ஸ் கூடுகிறது என்று திருப்பூர் வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வந்தபோது செய்தது. கார்டிங் பகுதிக்கு மொத்தமாக ஒரு சராசரி எடுத்துக்கொண்டிருந்த வழக்கத்தை விட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் உள்ளே போகும் பஞ்சிலும் வெளியே வரும் சிலைவரிலும் நெப்ஸை ஏஃபிஸ் கருவியில் தனித்தனியே அளக்கத் தாங்கள் அனுமதி தந்தீர்கள். சராசரியில் மறைந்திருந்த மூன்று கார்டுகளின் நெப் நீக்கத் திறன் 60 சதவீதத்துக்கும் கீழே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. கம்பி மாற்றி, பிளாட்டுகளைத் தேய்த்தபின் அவையும் மற்றவற்றின் அளவுக்கு வந்தன. கம்பி மாற்றும் காலத்தை நாட்காட்டியை வைத்து முடிவு செய்யாமல் அளவீட்டை வைத்து முடிவு செய்யும் அட்டவணையை நான் தயாரித்தேன், தாங்கள் திருத்தினீர்கள்.

இரண்டாவது, ஆட்டோகோனரில் இரவு ஷிப்டில் மட்டும் கிளியரர் வெட்டுகள் அதிகரித்த விவகாரம். பஞ்சின் மீது பழி போட எல்லோரும் தயாராக இருந்த நேரத்தில், வெட்டுப்பட்ட காப்களின் எண்களைக் குறித்துக்கொண்டு பின்னோக்கித் தேடி, ஒரே ரிங் ஃபிரேமில் தேய்ந்துபோன ஏப்ரான்களைக் கண்டுபிடித்தோம். அந்த வாரம் நான் ஃபிட்டர்களோடும் ஸ்பின்னிங் மாஸ்டரோடும் பழகிய விதம் தங்கள் நினைவில் இருந்தால், அதைப் பற்றிய ஓரிரு வரிகள் எனக்கு மிகவும் பயன்படும். ஆய்வகத்து ஆள் சொல்வதைத் தளத்தில் இருப்பவர்கள் ஏற்கச் செய்வது எவ்வளவு கடினம் என்பது தாங்கள் அறியாததல்ல.

2022 முதல் திருப்பூரில் ஒரு துணிப் பரிசோதனை ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். பனியன் வெட்டுக் கழிவிலிருந்து மீட்கும் பஞ்சில் குட்டை இழைகள் அதிகம் என்பதால், அதை மெல்லிய கவுண்டில் நூற்பது இன்னும் சிக்கலாகவே இருக்கிறது. அதைத்தான் மேற்படிப்பில் ஆராய விரும்புகிறேன். நெப்ஸ் பணிக்கும் இதற்கும் உள்ள தொடர்பைத் தாங்கள் சுட்டிக்காட்டினால் என் நோக்கக் கட்டுரைக்கு அது வலு சேர்க்கும்.

நடைமுறை எளிதானது. தாங்கள் சம்மதித்த பிறகு தங்கள் மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் பதிவேன். பல்கலைக்கழகத்திலிருந்து தங்களுக்கு ஓர் இணைப்பு வரும். சில சமயம் அது ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடுவதுண்டு. தனிப்பட்ட ஜிமெயில் முகவரியைவிட அலுவலக முகவரி நம்பகமாகக் கருதப்படும் என்பதால், தற்போதைய மில் முகவரியைத் தர இயலுமானால் நல்லது. கடிதம் ஆங்கிலத்தில், ஒரு பக்கம் இருந்தால் போதும். தற்போதைய நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதி, என்னை எந்த ஆலையில், எந்தப் பொறுப்பில் இருந்து மேற்பார்வையிட்டீர்கள் என்பதை முதல் பத்தியில் குறிப்பிட்டால் குழப்பம் வராது.

கடிதத்தைப் பின்னர் பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆகையால் குறைகளையும் தயங்காமல் எழுதலாம். நானே வரைவு எழுதி அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு என்றாலும், இதில் அது சரியாகாது என்று கருதி, குறிப்புகளை மட்டும் தந்திருக்கிறேன். என் சுயவிவரம், மதிப்பெண் பட்டியல், நோக்கக் கட்டுரையின் வரைவு, அந்தக் கார்டிங் அட்டவணையின் மாதிரி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஜனவரி 10ஆம் தேதிக்குள் எல்லாம் சேர்ந்துவிட வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறேன். தங்களால் இயலுமா என்பதை நவம்பர் இறுதிக்குள் ஒரு வரியில் தெரிவித்தால் போதும். வேலைப்பளுவாலோ வேறு காரணத்தாலோ இயலாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். வேறொருவரைக் கேட்க எனக்கு நேரம் இருக்கிறது. பேசுவது எளிது என்றால், தாங்கள் சொல்லும் நேரத்தில் நானே அழைக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
கவிதா
(முன்னாள் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்)