கும்பகோணம் வீட்டுக் கிரயப் பத்திரம்: வரைவுக்கான விவரங்கள்

02-01-2026

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போனில் கேட்ட விவரங்களை எழுதி, நகல்களையும் இணைத்திருக்கிறேன். பதிவு 22-01-2026 வியாழக்கிழமை. மார்கழியில் வேண்டாம் என்று கோமதி அம்மாள் சொன்னதால் தை பிறந்த பிறகு வைத்திருக்கிறோம். 12ஆம் தேதிக்குள் வரைவு கிடைத்தால் இரு தரப்பும் படித்துப் பார்க்க நேரம் இருக்கும்.

சொத்து கும்பகோணம் மேலத்தெருவில் உள்ள மனையும் ஓட்டு வீடும். காலமான ரங்கநாதன் 1987இல் கிரயம் வாங்கியது, ஆவண எண் 1412/1987. அவர் 2016இல் உயில் எழுதாமல் இறந்தார். வாரிசுகள் மனைவி கோமதி அம்மாள், மகன்கள் சேகர், முரளி, மகள் வசந்தா. ரங்கநாதனின் தாயார் 2009லேயே காலமாகிவிட்டார். அவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போயிருக்கும் என்று நீங்கள் கேட்டதால் அந்த இறப்புச் சான்றையும் வாங்கிவிட்டேன். மூலப்பத்திரத்தில் 'அரங்கநாதன்', பட்டாவில் 'ரங்கநாதன்'. இருவரும் ஒருவரே என்று ஒரு வரி வேண்டும்.

வசந்தா, "எனக்குப் பங்கு வேண்டாம், அம்மாவுக்கே கொடுத்துவிடுங்கள்" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் வாய்வார்த்தையை நம்பி அவரை விட்டுவிட வேண்டாம். நால்வரும் விற்பவர்களாகக் கையெழுத்திட வேண்டும். புனேயில் இருக்கும் முரளி பவர் அனுப்புவதாகச் சொன்னார், நேரில் வரச் சொல்லிவிட்டேன், டிக்கெட்டும் போட்டாயிற்று. வாங்குபவர்கள் நானும் என் மனைவி செல்வியும், சரிபாதியாக. அவள் பெயரைச் சேர்ப்பது கட்டணச் சலுகைக்காக அல்ல. அந்த ஒரு சதவீதச் சலுகை பத்து லட்சத்துக்குள் இருக்கும் சொத்துக்குத்தானே.

அளவில்தான் சிக்கல். மூலப்பத்திரப்படி கிழமேல் 60 அடி, தென்வடல் 40 அடி, ஆக 2,400 சதுர அடி. சர்வேயரை வைத்து அளந்தபோது மேல்புறம் தென்வடல் 39 அடிதான் வந்தது. பக்கத்து வீட்டு மதில் ஓரடி உள்ளே வந்திருக்கிறது. அதற்காக வழக்குக்குப் போகும் வயது எனக்கில்லை. கீழ்புறம் 40, மேல்புறம் 39 என்று அளந்தபடியே 2,370 சதுர அடி எழுதுங்கள். விலை மொத்தமாகப் பேசியது, அடிக் கணக்கில் அல்ல, அதையும் குறிப்பிடுங்கள். மேற்கு வீட்டாருடன் பொதுவான கிணற்றில் பாதி உரிமையும் அதற்குப் போகும் ஆறடிப் பாதையும் 1987 பத்திரத்தில் இருக்கின்றன. சொத்து விவரத்தில் இவை விடுபடக் கூடாது.

விலை ரூ.42,00,000. வழிகாட்டி மதிப்பு இதைவிடக் குறைவு, அதையே காட்டிப் பதிந்தால் செலவு மிச்சமாகும் என்று தரகர் சொல்கிறார். வேண்டாம். கொடுக்கும் தொகை முழுவதும் பத்திரத்தில் ஏற வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் ரூ.2,94,000, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ரூ.84,000. இரண்டும் என் பொறுப்பு. ஐம்பது லட்சத்துக்குக் கீழ் என்பதால் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன், சரிபாருங்கள்.

பதிவு செய்த 10-11-2025 ஒப்பந்தப்படி முன்பணம் ரூ.4,00,000 வங்கி வழியாகக் கொடுத்தாயிற்று. 2019இல் கூட்டுறவு வங்கியில் வைத்த அடமானத்துக்கு ரூ.6,30,000 பாக்கி. அதை 20ஆம் தேதி நானே அந்த வங்கி பெயரில் டிடி எடுத்துக் கட்டி மூலப்பத்திரத்தை மீட்கிறேன். அடமான ரத்து ரசீது முதலில் பதிவாக வேண்டும், அதன் பிறகே கிரயம். மிச்சம் ரூ.31,70,000 பதிவு நாளில் டிடியாக: கோமதி அம்மாளுக்கு 15,70,000, மகன்களுக்குத் தலா 8,00,000. தன் பங்குத் தொகையைத் தாயாரிடம் கொடுக்க வசந்தா சம்மதித்ததாகத் தெளிவாக எழுதுங்கள். ரொக்கம் ஒரு பைசாகூடக் கைமாறாது. டிடி எண்களை 21ஆம் தேதி மாலை தருகிறேன்.

திண்ணை அறையில் தையல் கடை வைத்திருப்பவர் பொங்கலுக்குள் காலி செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். சாவி என் கைக்கு வராமல் பதிவு கிடையாது என்று விற்பவர்களிடம் சொல்லிவிட்டேன். ஆகவே பத்திரத்தில் காலி சுவாதீனம் என்றே எழுதலாம். கூடத்து ஊஞ்சலை மட்டும் எடுத்துக்கொள்வதாக அந்த அம்மாள் கேட்டார். கல்யாணத்தில் அவர் அப்பா சீராகக் கொடுத்ததாம். சரி என்றுவிட்டேன். அது விற்பனையில் சேராது, தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், பம்ப் செட் சேரும் என்று எழுதிவிட்டால் பின்னால் பேச்சு வராது.

பதிவு நாள் வரையிலான வீட்டு வரி, மின் கட்டணம் அவர்களுடையது. மின் இணைப்பு, வரி, பட்டா பெயர் மாற்றத்துக்குக் கேட்கும்போது கையெழுத்திட வேண்டும். வில்லங்கம் எழுந்தால் ஈடு செய்யும் பகுதிக்கு நீங்கள் வழக்கமாக எழுதும் வாசகமே போதும், நால்வரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது மட்டும் இருக்கட்டும். 1987 முதல் வில்லங்கச் சான்று எடுத்துவிட்டேன். பதிவுக்கு முதல் நாள் இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை மணிக்கு. காலை டோக்கனாகப் பார்த்து எடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கவேலு