கொடைக்கானல் இ-பாஸ் கொள்கைக் குறிப்பு: மதிப்பெண்ணும் காரணமும்

தம்பி, மொத்தம் 50க்கு 31. யாருக்கு எழுதுகிறோம் என்ற கவனத்துக்கு 15க்கு 8, சான்றுக்கு 15க்கு 9, நடக்கக்கூடிய பரிந்துரைகளுக்கு 20க்கு 14.

திண்டுக்கல் மாவட்ட ஆட்சியருக்கு என்று தலைப்பில் போட்டுவிட்டு, உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்த கதையை அவருக்கே ஒன்றரைப் பக்கம் சொல்கிறாய். அந்த உத்தரவை நடைமுறைப்படுத்துகிறவரே அவர்தான். அவர் எதை முடிவு செய்ய வேண்டும், எந்தத் துறையிடம் சொல்ல வேண்டும், பணம் எங்கிருந்து வரும், இதெல்லாம் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். உன்னுடைய நல்ல யோசனை நான்காம் பக்கத்தில் கிடக்கிறது, அதுவரை அவர் படிப்பார் என்று நம்பாதே.

சான்றில்தான் எனக்குக் கவலை அதிகம். 2025 கோடைக்கு நீதிமன்றம் வைத்த வரம்பு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீ அதை எடுத்து "தினமும் 4,000 வண்டிகள் வருகின்றன" என்று எழுதியிருக்கிறாய். அனுமதித்த உச்சம் வேறு, மலையேறிய வண்டிகளின் எண்ணிக்கை வேறு. அதுவுமில்லாமல் அரசுப் பேருந்துகளும் உள்ளூர் வண்டிகளும் அந்த வரம்புக்குள் வராதவை, ஆகவே ரோட்டில் நிற்கும் நெரிசலை அந்த எண் காட்டவே காட்டாது. சோதனைச்சாவடிப் பதிவைக் கேட்டு வாங்கு, கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுது. ஏரிக்கரையில் நீயே 40 பேரைக் கேட்டது நல்ல உழைப்பு, ஆனால் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வந்த சுற்றுலாப் பயணிகள். ஒரு டாக்ஸி ஓட்டுநர் இல்லை, வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு இறக்கும் பூம்பாறை விவசாயி ஒருவர்கூட இல்லை.

சரி, பரிந்துரைகள். பழனியிலிருந்து ரோப் கார் என்பதை எடுத்துவிடு, அது ஆட்சியர் ஒரு கையெழுத்தில் தொடங்கிவைக்கிற வேலை இல்லை. வரம்பைக் குறைப்பதும் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. அவரால் அறிக்கைதான் கொடுக்க முடியும், அதனால் அந்த அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று எழுது. மூன்றாவது, பெருமாள்மலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு அங்கிருந்து மினி பஸ் விடுவது. இதற்காகத்தான் 14 கொடுத்தேன். வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் சேரும் இடம் அது என்பதை நீ கவனித்திருக்கிறாய், வரைபடம் போட்டு விளக்கியதும் அருமை. ஆனால் நிறுத்த இடம் யாருடையது? வருவாய்த் துறை நிலமா, வனத்துறை நிலமா, தனியார் பட்டாவா? வனநிலம் என்றால் அனுமதி வாங்குவதற்குள் சீசனே முடிந்துவிடும். பஸ்ஸை யார் ஓட்டுவது, கட்டணம் எவ்வளவு, வயதானவர்களும் மூட்டை முடிச்சோடு வரும் குடும்பங்களும் என்ன செய்வார்கள்? மே மாத வார இறுதிகளில் மட்டும் சோதனையாக ஓட்டிப் பார்க்கச் சொன்னால் அவர் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டே பக்கத்தில் திருத்தி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடு, பரிந்துரைப் பகுதியை மறுபடி மதிப்பிடுகிறேன். அதற்கு முன்னால் பெருமாள்மலை கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்டு வா.