இரவு முக எண்ணெய்: பின்னணிக்கான படப்பிடிப்புக் குறிப்பு

பொருள்: 30 மி.லி. அம்பர் கண்ணாடிக் குப்பி, கறுப்பு மூடி. படம் 4:5, நெட்டுவாக்கில், 2160 x 2700 பிக்சல்.

விளக்கை அணைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு அறை எப்படி இருக்குமோ, அந்த உணர்வு வேண்டும். பளபளப்போ கொண்டாட்டமோ வேண்டாம். அந்திவானம் போலவும் வேண்டாம். அடிவானக் கோடு தெரிந்துவிட்டால் இது சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும்.

நிறம் கீழிருந்து மேலே போகட்டும். குப்பி நிற்கும் தரை இளம் பீச் #F1D3BD, நடுவில் மங்கிய ரோஜா #B5727F, உச்சியில் ஆழ்ந்த ஊதா #3A2E4D. நடு நிறத்தை விட்டுவிடாதீர்கள். பீச்சையும் ஊதாவையும் மட்டும் கொடுத்து மென்பொருளை நேராகக் கலக்கவிட்டால் இடையில் #968085 வரும். அது அழுக்குச் சாம்பல். தோலுக்கான பொருளின் பின்னால் அது நோய்ச்சாயலாகத் தெரியும்.

மாற்றம் மேலே போகப்போக வேகமெடுக்க வேண்டும். குப்பியின் தோள்வரை பீச் மெதுவாகக் கனியட்டும். மூடி முழுக்க ரோஜாவின் முன்னால் நிற்கட்டும், ஏனென்றால் கறுப்பு மூடி ஊதாவில் கரைந்துபோகும். ஊதா மேல் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். வெளிர் எழுத்துகள் அங்கேதான் வரும், அதனால் அங்கே ஒளித்திட்டு எதுவும் இருக்கக் கூடாது.

நடுத்தரச் சாம்பல் சீம்லெஸ் பேப்பர் போடுங்கள். வெள்ளையில் ஜெல் நிறம் வெளுத்துவிடும். தரையும் சுவரும் சேரும் இடத்தில் பேப்பரை மடிக்காமல் பெரிய வளைவாக இறக்குங்கள். குப்பி வளைவிலிருந்து 1.2 மீட்டராவது முன்னால் இருக்கட்டும். அப்போதுதான் குப்பிக்கு அடிக்கும் வெளிச்சம் பின்னால் படிந்து நிறத்தைக் கெடுக்காது, அதன் நிழலும் சுவரில் ஏறாது. பீச் ஜெல் விளக்கு கீழே, ஊதா மேலே, இரண்டின் ஒளியையும் நடுவில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படிய விடுங்கள். குப்பியின் இரு பக்கமும் ஒடுங்கிய கறுப்பு அட்டை. ஓரம் கூர்மையாகத் தெரிய அது போதும்.

கண்ணாடிக்குள் தெரியும் பின்னணியும் இதே மாதிரி இருக்கட்டும் என்று முதலில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். எண்ணெய் நிறைந்த உருண்டைக் குப்பி லென்ஸ் மாதிரி பின்னால் இருப்பதை இடவலமாகப் புரட்டிக் காட்டும், அம்பர் கண்ணாடி நிறத்தையும் மாற்றும். அதைத் திருத்த வேண்டாம், திருத்தினால் ஒட்டுவேலை போலிருக்கும்.

ரீடச் செய்பவருக்கு: ரா கோப்பிலிருந்து 16 பிட்டிலேயே வேலை செய்யுங்கள். சிவப்பு சேனல் 241-லிருந்து 58-க்கு இறங்குகிறது, 8 பிட்டில் வெறும் 183 படி. 2700 பிக்சல் உயரத்தில் ஒரு படிக்குச் சராசரியாகப் பதினைந்து பிக்சல். பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும். 8 பிட்டாக மாற்றும் முன் பின்னணிக்கு மட்டும் மெல்லிய நாய்ஸ் தூவுங்கள், குப்பிக்கும் லேபிளுக்கும் வேண்டாம். இறுதிக் கோப்பு sRGB. அனுப்பும் முன் ஒருமுறை கைபேசியில், வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள். பட்டை இருந்தால் ஊதாவில்தான் முதலில் தெரியும்.