ஒரு வருசம் ஆகிவிட்டது, மச்சான்

கோமாரி
05.04.2025

அன்பின் ரமணனுக்கு,

நலம், உன் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். போன வருசம் சித்திரைக்கு முன்னர் கல்லடிப் பாலத்தடியில் நின்று, "அறுகம்பைக்கு வேலைக்குப் போகப் போறன், ஆனா இங்கிலிஷ் வராதே" என்று உன்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? அதற்கு ஒரு வருசம் ஆகிவிட்டது. எனக்கு இப்போது கதைக்க வருகிறது, மச்சான். பிழையோடுதான், ஆனால் வருகிறது. அதை உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சாதாரண தரத்துக்கு முன் இரண்டு வருசம் டியூசனுக்குப் போனோமே, அங்கே கரும்பலகையைப் பார்த்து எழுதியதைத் தவிர வாய் திறந்ததே இல்லை. அந்தக் கொப்பிகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. விதியெல்லாம் தெரியும், ஆனால் ஒருவர் முன்னால் வந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளைக்கார அம்மா தோளில் துவாயோடு வந்து, "யூ டோன்ட் ஹேவ் ஹாட் வாட்டர்?" என்று கேட்டார். நான் "யெஸ்" என்றேன். "ஓம், இல்லை" என்று நாங்கள் சொல்வதில்லையா, அந்த ஓம்தான். அவர் சுடுதண்ணீர் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போய், குழாயைத் திறந்து வைத்தபடி வெகுநேரம் நின்றிருக்கிறார். முதலாளி நானா என்னை ஏசவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இங்கிலிஷில் கேள்வி எப்படி வந்தாலும், இல்லாத பொருளுக்கு "நோ"தான். இதை எந்த டியூசனிலும் நான் கேள்விப்படவில்லை.

அடுத்த நாள் பொத்துவிலில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். அன்றன்று சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போன வசனத்தை மட்டும் அதில் தமிழில் எழுதுவேன். "அலை இன்றைக்குப் பெரிதாக இருக்கும், தனியே போக வேண்டாம்." "பாணமைக்குப் போகும் பஸ் இப்போதுதான் போனது." இரவில் அதை இங்கிலிஷில் எழுதிப் பார்த்து, காலையில் நானாவின் மகளிடம் காட்டுவேன். அவள் உயர்தரம் படிக்கிற பிள்ளை, பொறுமையாகத் திருத்தித் தருவாள். அதே வசனம் இரண்டு மூன்று நாளில் எப்படியும் தேவைப்படும், அப்போது தடுமாறாமல் வரும். என்னை மாற்றியது இந்தக் கொப்பிதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பயம் போனது வேறு மாதிரி. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலிஷ் தாய்மொழி இல்லை என்பது எனக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஒரு ஜெர்மன் பிள்ளை "ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ டேஸ்" என்றாள். எல்லாருக்கும் விளங்கியது, ஒருவரும் சிரிக்கவில்லை. "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபோர் த்ரீ டேஸ்" என்பதுதான் சரி என்று பிறகு படித்தேன். யோசித்துப் பார், நாங்களும் "மூன்று நாளாக இங்கே இருக்கிறேன்" என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்! அவள் மொழியிலும் அப்படித்தானாம். என் பிழை அறிவில்லாததால் வருவது இல்லை, தமிழிலிருந்து வருவது என்று அன்றைக்கு மனதுக்குப் பெரிய ஆறுதல்.

மழைக்காலத்தில் அறுகம்பை வெறிச்சோடிப் போகும், உனக்குத் தெரியும்தானே. கார்த்திகையிலிருந்து வீட்டில்தான் இருந்தேன். விட்டால் எல்லாம் மறந்துவிடும் என்று பயந்து, பிபிசியின் ஆறு நிமிட இங்கிலிஷ் நிகழ்ச்சியைப் போனில் இறக்கி வைத்துக் கேட்டேன். முதல் தரம் சும்மா கேட்பேன், பிறகு ஒவ்வொரு வசனமாக நிறுத்தி அதே ஓசையில் திருப்பிச் சொல்வேன். 'வாக்ட்' என்பதை நான் 'வாக்கெட்' என்று சொல்லிக்கொண்டிருந்தது அதில்தான் பிடிபட்டது. அப்புறம் 'ஃப' ஓசைக்குக் கண்ணாடி முன் நின்று, மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துப் பழகினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

இன்னும் வராதது நிறைய. 'ஏ'யும் 'த'வும் எங்கே போடுவது என்று இன்றைக்கும் குழப்பம்தான். ஆஸ்திரேலியாக்காரர் தங்களுக்குள் வேகமாகக் கதைத்தால் பாதிதான் பிடிபடுகிறது. ஆனால் போன கிழமை நானா என்னைக் கூப்பிட்டு, இந்த சீசனுக்கு வரவேற்பு மேசையில் நீயே இரு என்றார்.

புதுவருசத்துக்கு இரண்டு நாள் லீவு கிடைக்கும், மட்டக்களப்புக்கு வருவேன். கொப்பியையும் கொண்டுவருகிறேன். அதில் ஒரு வசனத்துக்கு எதிரே மட்டும் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது: "நீங்கள் வீட்டில் எத்தனையாவது பிள்ளை?" அந்த 'எத்தனையாவது'க்கு ஒரு சொல் கிடைக்கவே இல்லை. நானாவின் மகளும் தேடிப் பார்த்துவிட்டாள். உன் வங்கியில் யாருக்காவது தெரிந்தால் கேட்டு வை.

அன்புடன்,
சுதன்